துவாரத்தை ஏன் அடைக்கவில்லை?

சென்ற மாதம் ஒரு நாள் மாலை, பள்ளிக்கூடம் விட்ட பின், நம் மாணவி ஒருத்தியின் தகப்பனார் நம்மைத் தேடி வந்தார். நெசவுத் தொழில் செய்பவர், அதிகம் பேசாதவர். கையில் ஆஸ்பத்திரிக் காகிதங்கள் அடங்கிய துணிப்பை. அன்று மட்டும் நாற்காலியில் உட்காரு முன்பே பேசத் தொடங்கிவிட்டார்.

“ஐயா, பெண்ணுக்கு இருதயத்திலே துவாரம் இருக்கிறதென்று ஆறு மாதக் குழந்தையிலேயே சொன்னார்கள். அடைத்துவிட வேண்டும் என்றும் சொன்னார்கள். இப்போது நாங்களே மனம் துணிந்து, அடைத்துவிடுங்கள் என்று போய் நின்றால், கூடாது என்கிறார்கள். அடைத்தால் உயிருக்கே ஆபத்தாம். துவாரம் அதே துவாரந்தானே? அன்றைக்கு அடைக்க வேண்டியது இன்றைக்கு எப்படி அடைக்கக் கூடாததாக ஆயிற்று?”

கேள்வி நியாயமானது. நாம் வைத்தியர் அல்லோம். கல்லூரியில் பிராணி சாஸ்திரம் படித்ததோடு சரி. ஆயினும் அந்தக் காகிதங்களை வாங்கிப் பார்த்தோம்; தெரிந்த டாக்டர் ஒருவரிடம் சந்தேகங்களைக் கேட்டோம். பெண்ணுக்கு வந்திருப்பது ‘ஐசன்மெங்கர் நோய்க்குறி’ என்று எழுதியிருந்தது. தகப்பனாருக்கு நாம் சொன்ன விடையை, அவர் சம்மதத்துடன், நம் வாசகர்களுக்கும் சொல்லுகிறோம்.

இருதயத்தின் கீழறைகள் இரண்டு. இடது அறை சரீரம் முழுவதற்கும் இரத்தத்தைச் செலுத்துகிறது. வலது அறை பக்கத்திலேயே உள்ள நுரையீரலுக்கு மட்டும் செலுத்துகிறது. தூரம் செல்ல வேண்டிய இரத்தத்திற்கு உந்துதல் அதிகம் வேண்டுமன்றோ? ஆகவே இடது அறையின் அழுத்தம் பாதரச அளவில் சுமார் 120 மில்லிமீட்டர் வரை ஏறும்; வலது அறையில் 25 போதும். இரண்டுக்கும் இடையேயுள்ள சுவரில் பெரிய துவாரம் ஒன்று பிறவியிலேயே அமைந்துவிட்டால், இடப்புறத்து இரத்தத்தில் ஒரு பகுதி சரீரத்திற்குப் போகாமல் வலப்புறம் பாய்ந்து, மறுபடியும் நுரையீரலுக்கே போகிறது. இடப்புறத்து அழுத்தமும் அதனோடு கூடவே போகிறது. மெல்லிய சுவருள்ள நுரையீரல் குழாய்கள், தங்களுக்கு விதிக்கப்படாத வெள்ளத்தையும் வேகத்தையும் இரவும் பகலும் தாங்க வேண்டியதாகிறது.

பிறந்தவுடனே இது வெளிப்படுவதில்லை. தாயின் வயிற்றிலிருந்தபோது இறுகிக் கிடந்த நுரையீரல் குழாய்கள் தளர்வதற்குச் சில வாரங்கள் ஆகின்றன. அவை தளரத் தளரத் துவாரத்தின் வழியே பாய்ச்சல் பெருகும். ஆகவே ஒன்று, இரண்டு மாதங்களில்தான் குழந்தைக்கு மூச்சு இரைக்கும், பால் குடிக்கும்போது நெற்றி வியர்க்கும், பாதி குடித்துவிட்டுக் களைத்துப்போகும், எடை ஏறாது. மார்பில் குழாய் வைத்துக் கேட்டால் இரைச்சல் கேட்கும். இந்தப் பெண்ணின் ஆறாம் மாதக் காகிதத்தில் இவ்வளவும் இருந்தன.

“அப்புறம் ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை?” என்று கேட்டோம்.

அவர் சிறிது நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “குணமாகிவிட்டது ஐயா,” என்றார். “பச்சைக் குழந்தையின் மார்பைக் கிழிப்பதாவது என்று அம்மா ஒரே அழுகை. மருந்து மட்டும் கொடுத்தோம். இரண்டு வயதாகும்போது இரைப்பு நின்றுவிட்டது. நன்றாகச் சாப்பிட்டாள், சதை பிடித்தாள். எங்கள் ஊர் டாக்டர்கூடச் சப்தம் குறைந்திருக்கிறது என்றார். துவாரம் தானே மூடிக்கொண்டதென்று நினைத்துவிட்டோம்.”

அவர் நினைத்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. சிறிய துவாரங்கள் பல தாமாகவே மூடிக்கொள்வது உண்மை. ஆனால் பெரிய துவாரமுள்ள குழந்தை மருந்தினால் மட்டும் தேறிவிட்டதுபோல் தோன்றினால், அது மூடிக்கொண்டதனால்தானா என்று படம் எடுத்துப் பார்க்காமல் நம்பக் கூடாது. இரைச்சல் குறைவதற்கு இன்னொரு காரணம் உண்டு. துவாரம் அப்படியே இருக்க, அதன் வழியே பாய்வது மட்டும் குறைந்திருக்கலாம். நுரையீரல் குழாய்கள் உள்ளே குறுகிப்போனதால், வெள்ளம் அப்பக்கம் போக முடியாமல் நின்றிருக்கலாம். மூச்சு இரைப்பும் அதனால்தான் நிற்கும். எடையும் அதனால்தான் ஏறும். வியாதி முற்றுவதும் வியாதி தீர்வதும் சில வருஷ காலம் ஒரே தோற்றம் கொண்டிருப்பதுதான் இதிலுள்ள வஞ்சகம்.

குழாய்கள் குறுகுவது எப்படி என்பதை ஹீத், எட்வர்ட்ஸ் என்ற இருவர் 1958-ல் ஆறு படிகளாக வகுத்தார்கள். முதலில் சிறு குழாய்களின் தசைச் சுவர் தடிக்கிறது. பிறகு உட்பூச்சின் அணுக்கள் பெருகுகின்றன. அதன்பின் வெங்காயத்தோல்போல் அடுக்கடுக்காக நார்த்திசு படிந்து, குழாயின் வாயே அடைபடுகிறது. இந்த ஆரம்பப் படிகளில் துவாரத்தை மூடி வெள்ளத்தை நிறுத்தினால், குழாய்கள் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பக்கூடும். அதற்கு மேற்பட்ட படிகளில் குழாய்கள் அங்கங்கே பிதுங்கி, சிக்கலான முடிச்சுகளாகி, சுவரும் சிதைந்து போகின்றன. அவை திரும்புவதில்லை. கீழறைகளுக்கிடையே பெரிய துவாரமிருந்தால், ஒன்று இரண்டு வயதுக்குள்ளேயே இந்த எல்லை கடந்துவிடக்கூடும். முதல் வருஷத்திற்குள் அடைத்துவிட வேண்டுமென்று டாக்டர்கள் அவசரப்படுவது இதனால்தான். மேலறைகளுக்கிடையே உள்ள துவாரத்தில் அழுத்தம் குறைவு. அங்கே இந்தக் கேடு சிலருக்கே, அதுவும் வயது வந்தபின்பே, நேருகிறது.

குறுகிய குழாய்களுக்குள் இரத்தத்தைத் தள்ள வலது அறை வருஷா வருஷம் தன் பலத்தைப் பெருக்கிக்கொண்டே போகிறது. நுரையீரலின் தடை சரீரத்தின் தடைக்குச் சமமாகி, அதையும் மிஞ்சும் நாள் வருகிறது. அன்று ஓட்டம் திரும்புகிறது. வலப்புறத்து அசுத்த இரத்தம், நுரையீரலுக்குப் போய்ப் பிராணவாயுவை ஏற்காமலே, துவாரத்தின் வழியாக இடப்புறம் வந்து சரீரத்தில் கலக்கிறது. உதடும் நகமும் நீலம் பாய்கின்றன. விரல் நுனிகள் மேளக்குச்சியின் தலைபோல் பருக்கின்றன. நம் மாணவி மாடிப்படி ஏறி வந்தால் உதடு நாவற்பழம் தின்றவள்போல் இருக்கும். நாமும் பல தடவை பார்த்திருக்கிறோம், பார்த்தும் கேட்கவில்லை.

வியன்னாவில் விக்டர் ஐசன்மெங்கர் என்ற வைத்தியர், 32 வயதில் இறந்த ஒருவரின் இருதயத்தை ஆராய்ந்து 1897-ல் எழுதினார். அம்மனிதர் குழந்தைப் பருவத்திலிருந்தே நீலம் பாய்ந்தவர், திடசரீரி, கடைசியில் இரத்தம் கக்கி மாண்டார். ஆறு பத்தாண்டுகள் கழித்து, 1958-ல், லண்டனில் பால் வுட் என்பவர் இத்தகைய நோயாளிகள் 127 பேரைப் பற்றி எழுதி, துவாரம் எந்த இடத்திலிருந்தாலும் முடிவு ஒன்றே என்று நிறுவினார். இந்த பால் வுட் பிறந்தது நம் நீலகிரிக் குன்னூரில், 1907-ல். நுரையீரல் குழாய்களின் தடையை அளக்கும் அலகுக்கு இன்று அவர் பெயரே வழங்குகிறது.

தகப்பனாரின் கேள்விக்கு விடை அந்த அலகில்தான் இருக்கிறது. கணக்கு எளியது: நுரையீரலுக்குள் போகும் குழாயின் சராசரி அழுத்தத்திலிருந்து, அங்கிருந்து இரத்தம் திரும்பி வரும் இடது மேலறையின் அழுத்தத்தைக் கழிக்க வேண்டும், மீதியை, நிமிஷத்திற்கு எத்தனை லிட்டர் இரத்தம் நுரையீரல் வழியே ஓடுகிறதோ அதனால் வகுக்க வேண்டும். தொடையிலுள்ள இரத்தக் குழாய் வழியே மெல்லிய குழல் செலுத்தி இவற்றை அளக்கிறார்கள்.

இப்பெண்ணின் வயதும் உயரமும் உள்ள வேறொருத்தியை முதலில் வைத்துக்கொள்வோம். அவளுக்கும் துவாரம் உண்டு. நுரையீரல் அழுத்தம் 50, மேலறையில் 14, ஓட்டம் நிமிஷத்திற்கு 12 லிட்டர். மீதி 36, பன்னிரண்டால் வகுத்தால் தடை 3 அலகு. அழுத்தம் அதிகந்தான், ஆனால் அது வெள்ளத்தால் வந்த அழுத்தம். துவாரத்தை அடைத்தால் ஓட்டம் 5 லிட்டராகிவிடும். தடை 3 ஆகையால் 15 அழுத்தமே அதற்குப் போதும். அவள் பிழைத்தாள்.

நம் மாணவியின் காகிதத்திலோ அழுத்தம் 74, மேலறையில் 10, ஓட்டம் 4 லிட்டர். மீதி 64, தடை 16 அலகு. இது வெள்ளத்தால் வந்ததன்று. குழாய்கள் அடைபட்டதால் வந்தது. துவாரத்தை மூடினால் இது இறங்காது. அதோடு, மூடிய பின் சரீரத்திற்கு வேண்டிய இரத்தம் முழுவதும் அந்த அடைபட்ட குழாய்கள் வழியாகத்தான் போக வேண்டும். அவள் மாடிப்படி ஏறுகிறாள். சரீரம் 8 லிட்டர் கேட்கிறது. எட்டைப் பதினாறால் பெருக்கினால் 128 ஆகிறது. சரீரத்தின் சராசரி அழுத்தமே 90-க்குச் சற்று ஏறக்குறையத்தான். அதை மிஞ்சி வலது அறை எங்ஙனம் தள்ளும்? தள்ளாது. இடது அறைக்கு இரத்தம் வந்து சேராது, மூளைக்குப் போகாது, மயங்கி விழுவாள். சில நாளிலோ சில மாதத்திலோ வலது அறை தளர்ந்துவிடும்.

“அப்படியானால் அந்தத் துவாரம்...” என்று அவர் இழுத்தார்.

“இப்போது அதுதான் அவளுக்குக் கலிங்கு ஐயா,” என்றோம். ஏரி நிரம்பும்போது நீரை வெளியேற்றிக் கரையைக் காப்பது கலிங்கு. வலது அறைக்குள் அழுத்தம் மீறும்போது, மிகுந்த இரத்தம் துவாரத்தின் வழியே இடப்புறம் வழிந்துவிடுகிறது. வழிவது நீல இரத்தம், ஆனாலும் இரத்தம். மூளைக்கும் சரீரத்திற்கும் ஏதோ ஒன்று போய்ச் சேர்கிறது. நீலம் அவள் கொடுக்கும் விலை. ஐசன்மெங்கர் நிலையில் துவாரத்தோடு இருப்பவர்கள் நாற்பது வயதும் அதற்கு மேலும் வாழ்வதுண்டு. இந்நிலையில் துவாரம் மூடப்பட்டவர்கள் அவர்களைவிடச் சீக்கிரம் நலிகிறார்கள்.

தடை 3 அலகுக்கு உட்பட்டால் தாராளமாக அடைக்கலாம். 5-க்கு மேற்பட்டால் உடனே அடைக்கலாகாது. நடுவில் உள்ளவர்களை ஒவ்வொருவராக ஆராய்ந்து முடிவு செய்கிறார்கள். 5-ஐச் சற்றே தாண்டியவர்களுக்கு மருந்து கொடுத்துத் தடை இறங்குகிறதா என்று பார்ப்பதுண்டு. 16 அலகில் அந்தப் பேச்சுக்கு இடமில்லை.

செய்யக்கூடியவை வேறு. போஸென்டன், ஸில்டெனாஃபில் போன்ற மருந்துகள் குழாய்களைச் சிறிது தளர்த்தி நடையை எளிதாக்கும், அடைபட்டதைத் திறவா. பேதியோ வாந்தியோ கண்டு உடலில் நீர் வற்றவிடக் கூடாது. பிராணவாயுவின் குறைவை ஈடுசெய்யச் சிவப்பணுக்கள் பெருகியிருக்கும். இரத்தம் தடித்துவிட்டதென்று அதை வழக்கமாக வடிப்பது தவறு. இரும்புச்சத்துக் குறைந்து தீமையே விளையும். நரம்பில் மருந்து ஏற்றும்போது குழலில் காற்றுக் குமிழி ஒன்றுகூட இருக்கலாகாது. நமக்கு நுரையீரலில் தங்கிவிடும் குமிழி, இவளுக்குத் துவாரம் வழியே நேராக மூளைக்குப் போகும். எல்லாவற்றிலும் கடினமானதைத் தகப்பனாரிடம் சொல்ல நமக்கு நா எழவில்லை. டாக்டரே தாயாரிடம் சொல்லியிருந்தார். கர்ப்பம் தரிப்பது இந்நோயில் தாயின் உயிருக்கே பெரிய ஆபத்து. பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு எடுக்கும் வீட்டில் இது சொல்லாமல் மறைக்கக்கூடிய விஷயமன்று.

அவர் காகிதங்களை ஒவ்வொன்றாக மடித்துப் பையில் வைத்தார். “இரண்டு வயதிலே ஒரு தடவை படம் எடுத்துப் பார்த்திருந்தால்?” என்று கேட்டார். பார்த்திருந்தால் அப்போது தடை எத்தனை அலகு இருந்திருக்கும் என்பது யாருக்கும் தெரியாது, அதையே சொன்னோம்.

மறுநாள் தலைமையாசிரியரிடம் பேசி, பன்னிரண்டாம் வகுப்பை மாடியிலிருந்து கீழ்க்கட்டுக்கு மாற்றினோம். பிள்ளைகள் காரணம் கேட்டார்கள். மாடியில் ஓடு ஒழுகுகிறது என்று சொல்லி வைத்திருக்கிறோம்.