இரண்டாம் ஆண்டுப் பணம் எங்கே?

ஜெர்மனியில் முதுகலை படிக்கக் கட்டணமே கிடையாதாமே, போகலாமா என்று இறுதியாண்டுப் பொறியியல் மாணவர்கள் கேட்கும் பருவம் இது. தாராளமாகப் போகலாம் என்பதே நம் பதில். ஆனால் எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் பாடம் என்று தேடுவதற்கு முன்னால் ஒரு கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும்: இரண்டாம் ஆண்டுச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வரும்? இதற்குப் 'பகுதிநேர வேலை' என்பது மட்டுமே பதிலாக இருந்தால், இந்த ஆண்டு விமானம் ஏறாமல் இருப்பதே நல்லது.

கட்டணம் இல்லை என்பது பொய்யல்ல. பெரும்பாலான மாநிலங்களின் அரசுப் பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவர்களிடமும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. ஒவ்வொரு பருவத்துக்கும் சில நூறு யூரோ பங்களிப்புத் தொகை கட்டினால் போதும். விலக்குகளும் உண்டு. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் 2017இலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து முதுகலைக்குப் பருவத்துக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை நிர்ணயித்திருக்கிறது. முகவர்கள் ஆர்வமாகக் கைகாட்டும் தனியார்ப் பல்கலைக்கழகங்களின் கதை வேறு. அங்கே 'இலவசம்' என்ற பேச்சுக்கே இடமில்லை.

உண்மையான செலவு வாழ்க்கைச் செலவுதான். அதற்கு ஜெர்மன் அரசே ஓர் அளவு வைத்திருக்கிறது. விசா கேட்கும் மாணவர் முடக்கக் கணக்கு ஒன்றைத் திறந்து, ஓராண்டுக்கு 11,904 யூரோவை முன்கூட்டியே அதில் போட வேண்டும் என்பது 2024 செப்டம்பரில் வந்த அளவு. அந்தப் பணம் மாணவருடையதுதான். ஆனால் மாதம் 992 யூரோவுக்கு மேல் எடுக்க முடியாது. ஒரு யூரோவை 100 ரூபாயாக வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 12 லட்சம். பல வீடுகளில் இந்த 12 லட்சத்தோடு கணக்கு முடிந்துவிடுகிறது. விசா வந்துவிட்டதே, இனி அவன் பார்த்துக்கொள்வான் என்று நினைக்கிறார்கள். முதுகலைப் படிப்போ இரண்டு ஆண்டு. ஆய்வேடு இழுத்துக்கொண்டு போனால் ஐந்தாவது பருவமும் ஆகும். குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கும்போதும், இனிமேல் வாழப் பணம் இருக்கிறது என்று காட்டியாக வேண்டும். ஆக, உண்மைத் தொகை 24 லட்சத்திலிருந்து 30 லட்சம் வரை. இதைவிட மோசமானது, முடக்கக் கணக்குக்கான பணத்தையே வட்டிக்குக் கைமாற்றாக வாங்கிக் காட்டிவிட்டு, மாதாமாதம் வெளிவரும் 992 யூரோவை ஊருக்கே திருப்பி அனுப்பும் வழி. அப்படிச் செல்லும் மாணவருக்கு முதல் மாதமே இரண்டாம் ஆண்டுதான்.

'அங்கே வேலை செய்து சமாளிக்கலாமே' என்று உடனே கேட்பார்கள். காகிதத்தில் இந்த வாதம் வலுவானது. 2024 மார்ச்சிலிருந்து வெளிநாட்டு மாணவர் ஆண்டுக்கு 140 முழுநாள் வேலை செய்யலாம். 2025இல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.82 யூரோ. நாளுக்கு எட்டு மணி நேரம் என்றால் 14,000 யூரோவைத் தாண்டுகிறது, அதாவது முடக்கக் கணக்கின் தொகையைவிட அதிகம். ஆனால் 140 நாள் என்பது வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் 28 வாரம். அத்தனை வாரம் முழுநேரமாக உழைப்பவர் வகுப்புக்கும் ஆய்வகத்துக்கும் எப்போது போவார்? வாரத்துக்குப் பத்து மணி நேரம், ஆண்டில் 30 வாரம் என்று நிதானமாகக் கணக்கிட்டால் கிடைப்பது 3,800 யூரோ சொச்சம். ஆண்டுச் செலவில் மூன்றில் ஒரு பங்கு. முதல் பருவத்தில் வேலை கிடைப்பதே அரிது, ஆய்வேட்டுப் பருவத்தில் வேலைக்குப் போக நேரம் இருக்காது என்பதையும் சேர்த்தால் அதுவும் குறையும்.

கோவையில் இயந்திரப் பொறியியல் முடித்து 7.5 சராசரி வைத்திருக்கும் ஒரு மாணவரை எடுத்துக்கொள்வோம். ஜெர்மன் அளவுக்கு மாற்றும் சூத்திரத்தில், அதிகபட்சம் 10, தேர்ச்சிக்கு 5 என்றால் அவருடைய மதிப்பெண் 2.5 ஆகிறது. அங்கே எண் குறையக் குறைய உயர்வு, 4 என்பது தேர்ச்சிக் கோடு. 2.5க்குப் பல படிப்புகளின் கதவு திறக்கும். ஆனால் போட்டி மிகுந்தவை கிடைப்பது கடினம். ஆகவே ஆங்கில வழிப் படிப்பு ஏதாவதொரு சிறு நகரத்தில் கிடைக்க வாய்ப்பு அதிகம். சிறு நகரத்தில் வாடகை குறைவு என்பது நல்ல செய்தி. ஆனால் அங்குள்ள கடைக்காரரும் தொழிற்சாலை மேற்பார்வையாளரும் ஜெர்மன் மொழியில்தான் பேசுவார்கள். படிப்பு ஆங்கிலத்தில் என்பதற்காக வேலையும் ஆங்கிலத்தில் கிடைத்துவிடாது. கணினித் துறையில் ஓரளவு தப்பிக்கலாம், இயந்திரத் துறையில் அது கடினம். சம்பளமும் அனுபவமும் சேர்ந்து தரும் மாணவர் வேலைகளுக்குப் பல நிறுவனங்கள் பி1 அல்லது பி2 அளவு ஜெர்மன் கேட்கின்றன. கிடங்கில் பெட்டி தூக்கும் வேலையோ கிடைக்கும்தான். ஆனால் இரவு வேலை முடித்துக் காலையில் தேர்வு எழுதுபவர் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். நம் ஊரில் அரியரை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம் என்ற நினைப்பு ஊறிப்போயிருக்கிறது. ஜெர்மனியின் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஒரே கட்டாயப் பாடத்தில் மூன்று முறை தோற்றால் பதிவு நீக்கம். அதன்பின் அதே படிப்பை அந்த நாட்டின் வேறு பல்கலைக்கழகத்திலும் தொடர முடியாது.

சீனியர்கள் எல்லாம் சமாளிக்கவில்லையா என்று கேட்பார்கள். சமாளித்தவர்கள்தான் பேசுகிறார்கள். பாதியில் திரும்பியவர் ஊரில் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. இதைவிடக் கனமான மறுப்பு ஒன்றுண்டு: இப்படிக் கணக்குக் காட்டினால், குடும்பத்தில் முதல் பட்டதாரியான ஏழை மாணவர் அடியெடுத்து வைக்கவே தயங்குவார், வசதியானவர்களே போவார்கள். நியாயமான கவலைதான். ஆனால் பாதித் தொகையை மறைத்துச் சொல்வதால் அடிபடுவதும் அதே குடும்பம்தான். வங்கிகள் ஏழரை லட்சத்துக்கு மேல் பெரும்பாலும் பிணை கேட்கின்றன. வீட்டுப் பத்திரமோ நிலமோ போகிறது. பத்து சதவீத வட்டியில் 30 லட்சம் கடன் என்றால் ஆண்டுக்கு மூன்று லட்சம் வட்டி மட்டுமே. படிக்கும் காலத்தில் தவணை கட்டத் தேவையில்லை என்றாலும் வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும். அந்தக் குடும்பத்துக்கு 12 லட்சம் என்று சொல்லி அனுப்பிவிட்டு, பதினோராவது மாதம் இன்னொரு 12 லட்சம் கேட்பது எந்த வகையில் உதவி?

எனவே வழி மூடியிருக்கிறது என்று நாம் சொல்லவில்லை, வரிசையை மாற்றச் சொல்கிறோம். படிப்பு முடிந்ததும் ஓராண்டு இங்கேயே வேலை பார்த்துக்கொண்டு பி1 வரை ஜெர்மன் படிக்கலாம். சென்னை கோதே நிறுவனத்தின் தேர்வுச் சான்றிதழுக்கு அங்கே மதிப்பு உண்டு. 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்குக் கட்டாயமான ஏபிஎஸ் சான்றிதழை அந்த ஓராண்டில் வாங்கிவிடலாம். இது இல்லாமல் விசா இல்லை. கல்விக்கடன் கேட்கும்போது முதலாண்டுக்கு அல்லாமல் ஐந்து பருவத்துக்கும் ஒப்புதல் வாங்க வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்கள் தமிழ்நாடு அரசின் அயலகக் கல்வி உதவித்தொகைக்குத் தகுதி உண்டா என்று, வங்கிப் படி ஏறுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். படிப்பை முடித்தவருக்கு வேலை தேட 18 மாத அனுமதி தருகிறது அந்த நாடு. மொழி தெரிந்து போனவர் அந்த மாதங்களை வேலை தேடுவதற்கே செலவிடலாம். தெரியாமல் போனவர் அப்போதுதான் மொழி வகுப்பில் சேர்வார், கடனுக்கான தவணையும் அதையொட்டியே தொடங்கியிருக்கும்.