கீழ் பெர்த்தா, மேல் பெர்த்தா? டிக்கெட் படமே சொல்லும்

குற்றால சீசனுக்கு வந்த அம்மா சென்னை திரும்ப, மகன் வாட்ஸ்அப்பில் டிக்கெட்டைப் படம் பிடித்து அனுப்புகிறார். மூட்டுவலியோடு மேல் பெர்த்தில் ஏற முடியுமா என்பதுதான் அம்மாவின் கவலை. பதில் அந்தப் படத்திலேயே இருக்கிறது.

முதலில் ஊர்ப் பெயர். குற்றாலத்தில் ரயில் நிலையம் இல்லை. சுமார் 5 கி.மீ. தள்ளியுள்ள தென்காசியில்தான் ஏற வேண்டும். அதன் குறியீடு TSI. இறங்குமிடம் MS என்றால் எழும்பூர், MAS என்றால் சென்ட்ரல். செங்கோட்டையிலிருந்து கிளம்பும் 12662 பொதிகை எக்ஸ்பிரஸ் எழும்பூருக்குப் போகிறது.

அடுத்து பயணியின் பெயருக்கு நேரே பாருங்கள். CNF/S4/31/SL என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். CNF என்றால் இடம் உறுதி. S4 பெட்டி, 31 பெர்த் எண். கடைசியில் உள்ள SL தான் பலரைக் குழப்பும். வகுப்பு என்ற இடத்தில் SL இருந்தால் ஸ்லீப்பர் வகுப்பு. பெர்த் எண்ணுக்குப் பக்கத்தில் இருந்தால் சைடு லோயர், அதாவது நடைபாதையை ஒட்டிய கீழ் பெர்த்.

படம் மங்கலாகி எழுத்து தெரியாவிட்டாலும் கவலையில்லை. ஸ்லீப்பரில் பெர்த் எண்ணை 8 ஆல் வகுத்து மீதியைப் பாருங்கள். 1, 4 வந்தால் கீழ். 2, 5 நடு. 3, 6 மேல். 7 சைடு லோயர். மீதி இல்லையென்றால் சைடு அப்பர். 31 இல் 24 போக மீதி 7. அம்மாவுக்குக் கீழ் பெர்த்தான். A1 போன்ற இரண்டடுக்கு ஏசி பெட்டிக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அங்கே 6 ஆல் வகுக்க வேண்டும்.

CNF இல்லாமல் RAC என்று இருந்தால் ரயிலில் ஏறலாம். ஆனால் ஒரு சைடு லோயரை இருவர் பகிர்ந்து உட்கார வேண்டும். GNWL/14, GNWL/6 என்று இரண்டு எண்கள் இருந்தால், முதலாவது டிக்கெட் எடுத்தபோது இருந்த வரிசை, இரண்டாவது படம் எடுத்தபோது இருந்த வரிசை. அதன் பிறகு வரிசை நகர்ந்தாலும் படம் மாறாது. அதனால் 10 இலக்க PNR எண்ணை வைத்து 139 இல் இன்றைய நிலையைக் கேளுங்கள். இணையத்தில் எடுத்த டிக்கெட்டில் எல்லோருமே சார்ட் போட்ட பிறகும் காத்திருப்பிலேயே இருந்தால், டிக்கெட் தானாக ரத்தாகிப் பணம் திரும்பிவிடும். அதைக் காட்டி ரயிலேற முடியாது.

ஒதுக்கீடு என்ற இடத்தையும் ஒருமுறை பாருங்கள். GN பொது, SS மூத்தோருக்கான கீழ் பெர்த், TQ தட்கல். இடம் உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் திரும்பாது. பயணத் தேதியை மாற்றும் யோசனை இருந்தால், இந்த இரண்டு எழுத்தை முதலில் பார்த்துவிடுவது நல்லது.

கட்டண வரியில் அடிப்படைக் கட்டணத்தோடு, ஸ்லீப்பருக்கு முன்பதிவுக்கு 20 ரூபாயும் சூப்பர்ஃபாஸ்ட்டுக்கு 30 ரூபாயும் சேரும். இணையத்தில் எடுத்தால் சேவைக் கட்டணமும் உண்டு. ஒரே ரயிலுக்குக் கவுன்டரில் எடுத்தவரின் தொகை சற்றுக் குறைவாக இருப்பது இதனால்தான்.