பெண்ணுக்கு ரத்தசோகை, ஆணுக்கு பிபி: ஒரே வீட்டில் ஏன் இந்த வித்தியாசம்?

இந்தியாவில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. அதே வயது ஆண்களில் 25 சதவீதம். தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு (2019-21) சொல்லும் கணக்கு இது. மாதவிடாயும் பிரசவமும் ஒரு காரணம்தான். ஆனா சமையலறையையும் பார்க்கணும்.

கடைசியில் சாப்பிடுபவர்

ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். மீன் துண்டு முதலில் கணவருக்கு, அடுத்து பிள்ளைகளுக்கு. கடைசியாக உட்காரும் மனைவிக்கு மிஞ்சுவது சோறும் குழம்பும்தான். உடம்பில் எளிதாகச் சேரும் இரும்புச்சத்து அந்த மீனில்தான் அதிகம். அவருக்கு ஹீமோகுளோபின் 9.5. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டும். மூச்சு வாங்குது, தலை சுத்துது. ஆனா வீட்டில், "பொம்பளைங்களுக்கு இதெல்லாம் சகஜம்" என்று முடித்துவிடுகிறார்கள்.

கர்ப்ப காலத்தில் நர்ஸ் தேடி வந்து இரும்புச்சத்து மாத்திரை தருவார். பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் சாப்பிடச் சொல்வார்கள். பலர் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். மலம் கறுப்பாகப் போகுதே, மலச்சிக்கல் வருதே என்ற பயம். மலம் கறுப்பது சாதாரண விஷயம், ஆபத்தில்லை. இன்னும் சிலர் டீயோடு மாத்திரையை விழுங்குகிறார்கள். டீ, இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும். ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். சிகிச்சையில் ஹீமோகுளோபின் சரியான பிறகும், சேமிப்பு நிரம்ப இன்னும் சுமார் மூன்று மாதம் சாப்பிட வேண்டியிருக்கும்.

ஆஸ்பத்திரிக்கே போகாதவர்

அதே வீட்டுக் கணவருக்கு பிபி 160/100. அவருக்கு அது தெரியாது, ஏன்னா வலி எதுவும் இல்லை. அவரைத் தேடி எந்த நர்ஸும் வந்ததில்லை. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் புறநோயாளி நேரம் பெரும்பாலும் காலையில். அங்கே போனால் ஒரு நாள் கூலி போகும். அசதியைப் போக்க சாயங்காலம் ஒரு பீடி, ஒரு குவாட்டர். அது ஆண்பிள்ளைத்தனம். டாக்டரிடம் போவது பயந்தாங்கொள்ளித்தனம். அதே கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 38 சதவீத ஆண்கள் புகையிலை பயன்படுத்துகிறார்கள். பெண்களில் 9 சதவீதம்.

எங்கே இடைவெளி?

அவளுக்குப் 'பொறுத்துக்கோ', அவருக்கு 'ஆம்பளைக்கு என்ன ஆகிடும்'. இரண்டும் ஒரே பாடம்தான்: உடம்பைக் கவனிக்காதே. மருத்துவ அமைப்பும் இதை அப்படியே பின்பற்றுகிறது. பெண்ணைத் தாயாகும்போது மட்டும் தேடுகிறது. ஆணை, நெஞ்சு வலியோடு வரும்போதுதான் பார்க்கிறது.

2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே போய் பிபி, சர்க்கரை மாத்திரை தருகிறது. நல்ல மாற்றம். ஆனா பகலில் கதவைத் தட்டினால் வேலைக்குப் போன ஆள் எப்படிக் கிடைப்பார்? பரிசோதனை வேலையிடத்துக்கும், சாயங்கால நேரத்துக்கும் போக வேண்டும். கர்ப்பமில்லாத பெண்ணுக்கும் ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். வீட்டில் செய்ய ஒன்று உண்டு: மீன் துண்டுகளை எண்ணும்போது சமைத்தவரையும் சேர்த்து எண்ணுங்கள்.