மனப்பாடமாகச் சொல்ல ஒரு வரி



1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்தை விட்டு வந்த நம் குடும்பங்கள் பல திருகோணமலை மாவட்டத்தில் குடியேறின. இங்கும் தோட்டங்களிலும் நம்மவர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைக்கக் கூடும்போது, பெயருக்கும் பெயர்ப்பலகைக்கும் நீண்ட நேரம் செலவாகிறது. சங்கம் எதற்காக என்ற வரியை மட்டும் யாரோ ஒருவர் வேறெங்கோ பார்த்து எழுதிவிடுகிறார். அந்த வரியை அங்கத்தவர்கள் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்ல முடியவேண்டும் என்பது நமது கருத்து. சொல்லத் தெரிந்தவரால்தான் நிர்வாகக் குழுவைக் கேள்வி கேட்க முடியும்.

இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில் 1844இல் நெசவாளர்களும் வேறு தொழிலாளர்களும் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஆளுக்கு ஒரு பவுண் பங்கு. அதையும் வாரத்துக்குச் சில பென்ஸ் வீதமே கட்டினார்கள். ஆனால் அவர்களுடைய முதல் விதியைப் படித்தால் வியப்பாக இருக்கும். கடை வைப்போம், அங்கத்தவர்களுக்கு வீடு கட்டுவோம், வேலையில்லாதவர்களுக்கு வேலை தர உற்பத்தி தொடங்குவோம், நிலம் வாங்குவோம், முடிவில் தம் உழைப்பிலேயே வாழும் ஒரு குடியிருப்பை அமைப்போம் என்று வரிசையாக எழுதியிருந்தார்கள்.

ஏழைகளின் பகற்கனவு என்று அதைத் தள்ளிவிட முடியவில்லை. காரணம், அந்த வரிசைதான். முதலில் நின்றது கையில் இருந்த காசுக்குள் செய்யக்கூடிய வேலை. அந்த ஆண்டு டிசம்பர் 21ஆம் திகதி மா, வெண்ணெய், சீனி, ஓட்ஸ் மா, மெழுகுதிரி ஆகியவற்றோடு சிறு கடை திறந்தது. சில மாதங்களில் நம் தேயிலையும் அந்தக் கடைக்குப் போனது. அப்போது அது சீனத்துத் தேயிலை. கலப்படமில்லாத பொருள், குறையாத நிறை என்பதுதான் கடையின் பேச்சு. 1850இல் மா அரைக்கும் ஆலைச் சங்கமும் உருவானது. தனிக் குடியிருப்பு மட்டும் கடைசிவரை வரவில்லை. ஆனாலும் சங்கம் பொய் சொன்னதாக யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் அது "முடிந்ததும் செய்வோம்" என்ற இடத்தில்தான் எழுதப்பட்டிருந்தது.

நம் சங்கங்களின் வரிகள் இரண்டு விதத்தில் கெட்டுப்போகின்றன. ஒன்று, "நாட்டின் முன்னணிச் சங்கமாகத் திகழ்ந்து நிலைபேறான அபிவிருத்தியை ஏற்படுத்தல்". இதை ஒரு மூச்சில் சொல்ல முடியாது. செய்தார்களா என்று பார்க்கவும் முடியாது. மற்றது, "அங்கத்தவர்களுக்கு இயன்ற உதவி செய்தல்". பார்த்தால் பணிவாகத் தெரியும். ஆனால் "இயன்ற" என்ற சொல்லுக்குள் எந்தக் குழுவும் ஒளிந்துகொள்ளலாம்.

ஐம்பது குடும்பங்கள் சேரும் ஒரு சங்கத்துக்கு நாம் இப்படி எழுதுவோம்:

"மாதாமாதம் சேமிப்போம், நமக்குள் கடன் கொடுப்போம், அரிசியும் மாவும் சரியான நிறையில் விற்போம், பின்பு நம் விளைச்சலை நாமே விற்போம்."

முதல் மூன்றும் இன்றைய வேலை. "பின்பு" என்ற ஒரு சொல்லுக்குப் பிறகு வருவது ஆசை. ஆசையை மறைக்கவும் இல்லை, அதை இன்றே செய்வதாகச் சொல்லவும் இல்லை. ஒவ்வொரு துண்டுக்கும் கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. சேமிப்பு எவ்வளவு, வெளியே நிற்கும் கடன் எவ்வளவு, தராசு சரிபார்க்கப்பட்டதா என்று பொதுக்கூட்டத்தில் எவரும் கேட்கலாம். பக்கம் இல்லாத சொல் வரியில் இருந்தால் அதை எடுத்துவிடுங்கள்.

சுலோகம் இதைவிடச் சின்னதாக இருக்கவேண்டும். "கூடி வாழ்ந்தால் கோடி நன்மை" நல்ல பழமொழி. ஆனால் அது எந்தச் சங்கத்துக்கும் பொருந்தும், ஆகவே எதையும் கேட்க உதவாது. நம்முடையது நம் வாழ்க்கையிலிருந்து வரட்டும். கொழுந்து நிறுக்கும் தராசடியில் கிலோ வெட்டப்படும்போது நின்றவர்களுக்கு "சரியான நிறை, திறந்த கணக்கு" என்ற நான்கு சொற்களை யாரும் விளக்கவேண்டியதில்லை. மூவினத்தவரும் வாழும் இந்த மாவட்டத்தில் அதைச் சிங்களத்திலும் இதே அளவில் சொல்லலாம்.

இறுதியாக ஒரு எச்சரிக்கை. வரி அழகாக இருந்தாலும் அதில் உள்ள வேலைகள் சங்கத்தின் உபவிதிகளில் நோக்கங்களாகப் பதிவாகியிருக்கவேண்டும். உபவிதியில் இல்லாததைப் பின்னர் சேர்ப்பதானால் பொதுக்கூட்டம் ஏற்று, கூட்டுறவுத் திணைக்களத்தில் அந்தத் திருத்தம் பதிவாகவேண்டும். ஆகவே உபவிதி எழுதும் நாளிலேயே வரியையும் எழுதுங்கள். எழுதியதும் கூட்டத்தின் பின்வரிசையில் இருக்கும் ஒரு அக்காவிடம் இரண்டு தடவை வாசித்துக் காட்டி, பாராமல் சொல்லச் சொல்லுங்கள். எந்த இடத்தில் அவர் தடுமாறுகிறாரோ, அந்தச் சொல்லை மாற்றுங்கள்.