குதிகால் நரம்புக்கு ஓய்வு கொடுக்காதீர்கள்

போன பதிவில் எழுபத்திரண்டு வயதில் ஓட ஆரம்பித்ததைப் பற்றிப் பெருமையாக எழுதியிருந்தேன். படித்துவிட்டுப் பாராட்டிய நண்பர்கள் அதே வாயால் இப்போது, "நொண்டுகிறீராமே, பேசாமல் உட்காரும்" என்கிறார்கள். உட்காருவதுதான் தவறு என்பது என் கட்சி. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

கெண்டைக்கால் சதை கீழே இறங்க இறங்க மெலிந்து, கயிறு போலாகிக் குதிகால் எலும்பில் முடிகிறது. அதை நாம் குதிகால் நரம்பு என்போம். உண்மையில் அது நரம்பல்ல, தசைநாண். பிரெஞ்சுப் பள்ளியில் எங்கள் ஆசிரியர் அதைத் 'தாந்தோன் தஷீல்' என்று சொல்லிக்கொடுத்தார். அஷீல் என்பது கிரேக்க வீரன் அக்கிலிஸ். குழந்தையாக இருந்தபோது அவனைத் தாய் குதிகாலைப் பிடித்து ஆற்றில் முக்கியதால், அந்த இடம் மட்டும் நனையாமல் பலவீனமாக நின்றுவிட்டதாம். வேடன் அம்பு கண்ணனின் பாதத்தில் பட்ட கதை தெரிந்த எங்களுக்கு இது புதிதாகத் தெரியவில்லை. ஆனால் கதை நம்மை ஏமாற்றுகிறது. உடம்பிலேயே மிகத் தடித்த, மிக வலுவான தசைநாண் இதுதான். ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப் போல ஆறு மடங்கு, சில சமயம் அதற்கும் மேல், இது தாங்குகிறது.

நான் செய்தது இதுதான். புதுப்பட்டினத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டைப் பக்கம் பல வருடங்களாக நடப்பவன். ஒரு நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை என்று தொடங்கினேன். மூன்றே வாரத்தில் தினமும் நாலு கிலோமீட்டர் ஓட ஆரம்பித்துவிட்டேன், அதுவும் கடற்கரை மணலில். மூச்சு வாங்கவில்லை, முழங்கால் வலிக்கவில்லை, 'இன்னும் கொஞ்சம்' என்று தோன்றியது. மோசம் போனது அங்கேதான். மூச்சும் சதையும் சில வாரங்களில் பழகிவிடும். தசைநாண் பழகுவதற்கோ மாதக்கணக்காகும். சம்பளம் உயர்ந்த வேகத்தில் செலவையும் உயர்த்திவிட்ட குடும்பம் மாதிரி ஆகிவிட்டேன். மணலில் இன்னொரு சங்கடமும் உண்டு. குதிகால் ஒவ்வொரு அடியிலும் புதைவதால் அந்தக் கயிறு கூடுதலாக இழுபடும்.

வலி வந்த விதத்தைச் சொல்கிறேன், உங்களுக்கும் இருந்தால் அடையாளம் கண்டுகொள்ளலாம். காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முதல் பத்து அடி குதிகாலுக்குப் பின்னால் மரக்கட்டை போல இருக்கும். பல் துலக்கி வருவதற்குள் தளர்ந்துவிடும். ஓட்டத்தில் முதல் ஐந்து நிமிடம் சுருக்கென்றிருக்கும், பிறகு மறைந்துவிடும். மறைவதுதான் ஏமாற்று. மறைந்துவிட்டதே என்று முழு ஓட்டமும் ஓடுவோம், அடுத்த நாள் காலை கணக்கு வந்து நிற்கும்.

நண்பர்கள் சொன்னபடி தைலம் தேய்த்து, மூன்று வாரம் ஓடாமல் இருந்தேன். வலி போய்விட்டது. நாலாவது வாரம் ஓடிய முதல் நாளே திரும்பி வந்தது. இதற்கு நடுவில் ஒரு கிளினிக்கில், பெயர் வேண்டாம், "அந்த இடத்திலேயே ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டால் சரியாகிவிடும்" என்றார்கள். நல்லவேளை, எழுந்து வந்துவிட்டேன். அந்த ஊசி வலியைக் கொஞ்ச நாள் அடக்கும். ஆனால் தசைநாணுக்குள் போட்டால் அதன் பலம் குறையலாம், அறுந்துபோகவும் வாய்ப்பு உண்டு.

எங்கள் தெருவில் பிசியோதெரபி படித்த பெண் ஒருத்தி இருக்கிறாள். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அந்தக் கயிற்றைக் கிள்ளிக்கொண்டே மேலே போனாள். குதிகால் எலும்புக்கு மூன்று விரல்கடை மேலே அழுத்தியதும் நான் கத்தினேன். அங்கே சின்னப் பருமனும் இருந்தது. "நடுப்பகுதி, மாமா. நல்லதாப் போச்சு. எலும்போட ஒட்டற இடத்துல வலின்னா வேற மாதிரி செய்யணும்" என்றாள்.

"ஓய்வு எடுத்தேனேம்மா, போகலையே?"

"ஓய்வுல வலிதான் போகும் மாமா, பலமும் சேர்ந்து போயிடும். பழைய சுமையை மறுபடி ஏத்தினா அது எப்படித் தாங்கும்?"

இந்த ஒரு பதிலில் என் மூன்று வாரம் ஏன் வீணாயிற்று என்று விளங்கியது. தசைநாணுக்கு அளவான சுமைதான் உரம். சுமை இல்லாவிட்டால் அது வலுக்காது, அளவு மீறினால் நைந்துபோகும். இரண்டுக்கும் நடுவில் நிற்கப் பழகுவதுதான் வைத்தியம்.

இந்த வைத்தியம் பிரபலமான கதை சுவாரசியமானது. சுவீடனில் உமேயோ ஊரில் ஹோக்கன் ஆல்ஃபிரட்சன் என்ற எலும்பு மருத்துவர் இருந்தார். அவரும் ஓட்டக்காரர், அவருக்கும் இதே வலி. ஆபரேஷன் செய்துவிடுங்கள் என்று மேலதிகாரியைக் கேட்டார், அவர் மறுத்துவிட்டார். அறுந்தே போனால் செய்துதானே ஆகவேண்டும் என்று, வலியைப் பொருட்படுத்தாமல் அந்தக் காலிலேயே சுமையேற்றிக் குதிகாலைத் தாழ்த்தித் தாழ்த்திப் பயிற்சி செய்தார். அறுந்துபோகவில்லை. வலிதான் போய்விட்டது! பிறகு ஆபரேஷனுக்குக் காத்திருந்த பதினைந்து பேரைப் பன்னிரண்டு வாரம் அப்படிச் செய்யவைத்து, 1998ல் கட்டுரை வெளியிட்டார். பதினைந்து பேரும் மீண்டும் ஓடினார்கள். பின்னால் மற்றவர்கள் செய்து பார்த்தபோது எல்லோருக்கும் அவ்வளவு நன்றாக அமையவில்லை, முக்கியமாக விளையாட்டுப் பழக்கமே இல்லாதவர்களுக்கு. அதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

அவர் முறையில் ஒரு நாளைக்கு நூற்றெண்பது தடவை. என் வயதுக்கு அந்தப் பெண் அதைக் குறைத்துவிட்டாள்.

முதல் இரண்டு வாரம் அசைவே கிடையாது. சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு குதிகாலையும் பாதி உயரம் தூக்கி நாற்பத்தைந்து விநாடி நிற்பது, இரண்டு நிமிடம் விட்டு மறுபடி, மொத்தம் ஐந்து தடவை. இதைத் தினமும் செய்யலாம். வலியைத் தணிக்கவும் இது உதவியது. மூன்றாம் வாரத்திலிருந்து இரண்டு காலாலும் ஏறி, வலிக்கும் காலால் மட்டும் மெதுவாக, மூன்று எண்ணும் வரை, இறங்க வேண்டும். பதினைந்து தடவை ஒரு சுற்று, மூன்று சுற்று. முழங்காலை நேராக வைத்து ஒரு முறை, கொஞ்சம் மடக்கி ஒரு முறை. மடக்கும்போது கெண்டைச் சதைக்கு உள்ளே இருக்கும் இன்னொரு சதைக்கு அதிக வேலை. ஓட்டத்தில் அதிகம் உழைப்பது அதுதானாம். முதலில் தரையில், பிறகு வாசல்படி விளிம்பில் குதிகால் படிக்குக் கீழே இறங்கும்படி. எலும்போடு ஒட்டும் இடத்தில் வலி உள்ளவர்கள் மட்டும் படிக்குக் கீழே இறக்கக் கூடாது. இறக்கினால் கயிறு எலும்பில் நசுங்கி வலி கூடும். கெண்டைக்காலை இழுத்துப் பிடிக்கும் பயிற்சியும் அவர்களுக்கு ஆகாது.

பதினைந்து தடவை சுலபமானதும் எடை சேர்க்க வேண்டும். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். வெறும் உடம்போடு வருடக்கணக்கில் செய்தால் ஒரு கட்டத்தில் நின்றுவிடும். நான் பேரனின் பழைய ஸ்கூல் பையில் இரண்டு கிலோ அரிசியில் தொடங்கி, பத்தாவது வாரத்தில் எட்டுக் கிலோவுக்கு வந்தேன். எடை சேர்த்தபின் ஒருநாள் விட்டு ஒருநாள்தான். கனமான வேலைக்குப் பிறகு முதல் ஒரு நாள், ஒன்றரை நாள் தசைநாணில் சிதைவு முந்திக்கொள்ளும், கட்டுமானம் பிறகுதான் முந்தும். அந்த இடைவெளியைத் தர வேண்டும்.

அளவை எப்படிக் கண்டுபிடிப்பது? முப்பத்திரண்டு வருடம் பதிவேடு எழுதியவனுக்கு இது பிடித்த வேலை. ஒரு நோட்டில் தினமும் காலை முதல் பத்து அடிக்கு வலியைப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எழுதினேன். விதி இதுதான். பயிற்சியின்போது ஐந்து வரை வலிக்கலாம், பயப்பட வேண்டியதில்லை. மறுநாள் காலை பழைய எண்ணுக்குத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை என்றால் நேற்றுச் செய்தது அதிகம். 2007ல் சுவீடனில் இந்த அளவுகோலை வைத்து ஒரு பிரிவினரை ஓடவிட்டார்கள், இன்னொரு பிரிவினரை ஆறு வாரம் ஓடாமல் நிறுத்தினார்கள். பயிற்சி இரண்டு பிரிவுக்கும் ஒன்றே. இருவரும் ஒரே மாதிரி தேறினார்கள். உட்காரும் என்கிற நண்பர்களுக்கு என் பதில் அதுதான்.

என் நோட்டில் ஒரு வாரம் இப்படி இருக்கிறது: திங்கள் 3, செவ்வாய் 3, புதன் 2, வியாழன் 6. புதன்கிழமை மாமல்லபுரத்திற்கு வந்த உறவினர்களோடு கடற்கரை மணலில் வெறுங்காலில் அரை நாள் சுற்றியதன் பலன். எடையை நாலிலிருந்து இரண்டு கிலோவாகக் குறைத்தேன், நிறுத்தவில்லை. ஞாயிறு 3. நோட்டு இல்லையென்றால் வாசல்படியைக் குற்றவாளியாக்கிப் பயிற்சியையே விட்டிருப்பேன்.

ஒற்றைக் காலில் இருபது தடவை குதிகால் தூக்க முடிந்து, வலி இரண்டுக்குள் நின்றதும் ஓட்டம் திரும்பியது. ஒரு நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை, ஆறு தடவை. நடுவில் இரண்டு நாள் இடைவெளி. தார்ச் சாலையில் மட்டும். முதலில் நேரத்தைக் கூட்டினேன், வேகத்தை அல்ல. மணலை இன்னும் தொடவில்லை.

இந்த வழி பொருந்தாத இடங்களையும் சொல்ல வேண்டும். யாரோ பின்னாலிருந்து உதைத்தது போல் 'டப்' என்று ஒரு சத்தம், பிறகு முன்னங்காலில் ஊன்றி எழும்ப முடியவில்லை என்றால் கயிறு அறுந்திருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனை. ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் ரத்தக்கட்டாக இருக்கலாம், அதற்கும் தாமதம் கூடாது. நம் வயதினர் கவனிக்க வேண்டிய இன்னொன்று: சிறுநீர்த் தொற்றுக்கும் வயிற்றுப்போக்குக்கும் எழுதித் தருகிற சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் வகை மாத்திரைகள் தசைநாணைப் பாதிக்கும். அறுபது தாண்டியவர்களுக்கும் கூடவே ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் ஆபத்து அதிகம். அமெரிக்க அரசு 2008லேயே மருந்து அட்டையில் கட்டம் கட்டி எச்சரிக்கை போடச் சொன்னது. அந்த மாத்திரை சாப்பிடும்போது குதிகால் வலித்தால், பயிற்சியை நிறுத்திவிட்டு எழுதிக்கொடுத்த டாக்டரிடம் உடனே சொல்லுங்கள், வேறு மருந்து இருக்கும்.

நிபுணர்கள் சூழ்ந்திருந்தும் முகமது ஷமிக்கு, 2023 உலகக் கோப்பையில் 24 விக்கெட் எடுத்த பிறகு, 2024 பிப்ரவரியில் லண்டனில் இதே இடத்தில் ஆபரேஷன் நடந்தது. மறுபடி பெங்காலுக்குப் பந்து வீச வந்தது நவம்பரில். எனக்கு ஆறாவது மாதம் நடக்கிறது. இன்று காலை எண் 1. நாளை இருபது நிமிடம், கோட்டை வரை, தார்ச் சாலையில்.