'நிர்வாகத்தின் தேவைக்கேற்ப' என்பது ஒரு பயிற்சியா?

ஓட்டல் துறையில் இருக்கும் என் பழைய மாணவர்களுக்கும், பிள்ளைகளைக் கேட்டரிங் படிக்க வைத்திருக்கும் சொந்தக்காரர்களுக்கும் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

மாணவர் ஒருவர் தன் மகளுக்கு வந்த இன்டர்ன்ஷிப் கடிதத்தை அனுப்பி, "பெரிய ஓட்டல் சார், சேர்த்துவிடலாமா?" என்று கேட்டார். ஓட்டலின் பெயர் இங்கே வேண்டாம். இருபது வாரப் பயிற்சி. கடிதத்தில் விஷயம் என்று இருந்தது மூன்று வரி. பணி: நிர்வாகத்தின் தேவைக்கேற்ப. நேரம்: ஓட்டல் நடைமுறைப்படி. உதவித்தொகை: மாதம் 5,000 ரூபாய், விதிகளுக்கு உட்பட்டது. இந்த மூன்று வரியும் ஓட்டலின் கையைத்தான் பலப்படுத்துகின்றன. அந்தப் பெண்ணின் கையில் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை.

கல்லூரி அவளை அனுப்புவது கிச்சன், சர்வீஸ், ஃப்ரண்ட் ஆபீஸ், ஹவுஸ்கீப்பிங் என்ற நான்கு துறைகளையும் பழக. ஆனால் ஓட்டலில் எப்போதும் ஆள் குறைவது பாங்க்வெட்டில். முகூர்த்த மாதம் வந்தால் 'தேவைக்கேற்ப' என்ற வார்த்தை அவளை நேரே கல்யாண மண்டபத்துக்குத்தான் கொண்டுபோகும். நாற்காலிக்கு உறை மாட்டுவாள், ஸ்பூன் துடைப்பாள், தட்டு சுமப்பாள். கடைசி வாரத்தில் லாக் புக்கில் நான்கு துறைக்கும் சீல் விழும். ரிசப்ஷன் கம்ப்யூட்டரை அவள் தொட்டிருக்கவே மாட்டாள். துறைக்கு ஐந்து வாரம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, யார் மேற்பார்வை என்று எழுத ஓட்டலுக்கு நான்கு வரி போதும். கல்யாண சீசன் நெருக்கடி எனக்கும் தெரியும். 'வாரத்துக்கு ஒரு நாளுக்கு மேல் பாங்க்வெட்டுக்கு அனுப்ப மாட்டோம்' என்று ஐந்தாவது வரியாக அதையும் எழுதிவிடுங்களேன்.

அடுத்தது நேரம். 'ஒன்பது மணி நேரம்' என்று எழுதினாலும் போதாது. பிரேக் ஷிஃப்டில் காலை 11 முதல் 3.30 வரை, மறுபடி மாலை 6.30 முதல் 11 வரை. கணக்குக்கு ஒன்பது மணி நேரம்தான். ஆனால் அவளுடைய நாளில் பன்னிரண்டு மணி நேரம் போய்விடுகிறது. நடுவில் மூன்று மணி நேரம் எங்கே உட்காருவாள், இரவு 11 மணிக்கு வண்டி உண்டா, வார விடுமுறை எந்த நாள், ஷிஃப்டுக்கு முன்னால் நடக்கும் பிரீஃபிங் நேரத்தில் சேருமா? இவற்றுக்கும் கடிதத்தில் பதில் வேண்டும்.

'விதிகளுக்கு உட்பட்டது' என்றால் என்ன என்று கேட்கச் சொன்னேன். பதில் வந்தது: தங்குமிடத்துக்கு மாதம் 2,000 பிடித்தம், யூனிஃபார்முக்கு முன்பணம் 1,500. முதல் மாதம் கையில் வருவது 1,500 ரூபாய். தொகை குறைவு என்பதல்ல என் கோபம். சேர்ந்த பிறகுதான் தெரிய வேண்டும் என்று அதை மறைத்ததுதான்.

கற்றல் இலக்கு என்ற பகுதியே அந்தக் கடிதத்தில் இல்லை. இருக்கும் கடிதங்களிலும் 'துறைசார் அனுபவம் பெறுவார்' என்று மழுப்பியிருக்கும். இலக்கு என்றால் முடிந்ததா இல்லையா என்று சோதித்துப் பார்க்க முடிய வேண்டும். கிச்சனில்: ஸ்டாக், அடிப்படை சாஸ்கள் தானே செய்வது, ஃப்ரிட்ஜ் 5 டிகிரிக்குள், சூடான உணவு 60 டிகிரிக்கு மேல் இருக்கிறதா என்று பார்த்துக் குறிப்பது. ஹவுஸ்கீப்பிங்கில்: செக்கவுட் ஆன அறையைத் தனியாக முடித்து சூப்பர்வைசர் சோதனையில் தேறுவது. ஃப்ரண்ட் ஆபீசில்: மேற்பார்வையில் செக்-இன் செய்வது; வெளிநாட்டு விருந்தினர் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் அரசு தளத்தில் பதிவது. இப்படி எழுதிவிட்டால் லாக் புக்கில் பொய்க் கையெழுத்துப் போடுவது கஷ்டம்.

"நாங்களும் தட்டு கழுவித்தான் மேலே வந்தோம் சார்" என்பீர்கள். கழுவட்டும். எச்சில் தட்டு எப்படிப் பிரிகிறது, கிருமி நீக்கும் தண்ணீர் எவ்வளவு சூடு என்று தெரிந்துகொள்ள ஒரு வாரம் போதும். பத்து வாரம் கழுவினால் அதற்குப் பெயர் சம்பளமில்லாத ஆள்.

கடிதம் வந்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். பெண்ணை முன்பின் தெரியாத நைட் சூப்பர்வைசர் ஒருவர் அதைப் படிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு அவளை எங்கே நிறுத்துவது, எத்தனை மணிக்கு அனுப்புவது, என்ன சொல்லிக்கொடுப்பது என்று அவருக்குப் புரிய வேண்டும். புரியாவிட்டால், சேருமுன் இந்த நான்கையும் மின்னஞ்சலில் கேளுங்கள். கல்லூரிப் பயிற்சி அலுவலருக்கும் நகல் போடுங்கள். ஓட்டலிலிருந்து யாராவது போனில் சொன்னால், "அதையே எழுத்தில் அனுப்புங்கள்" என்று சொல்லுங்கள்.

எச்.ஆரில் இருக்கும் என் மாணவர்களே, அந்தப் பழைய கடித மாதிரி உங்கள் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. இன்று ராத்திரியே திருத்துங்கள்.