எர்த்தைக் கழட்டாதீங்க சாமி!

போன மாசம் நம்ம வீட்டு கீசர் ஒரு வேலை பண்ணுச்சு. ஸ்விட்ச் போட்டு நாலஞ்சு நிமிஷம் சும்மா இருக்கும். அப்புறம் டப்புனு மொத்த வீடும் இருட்டு! விழுந்தது எம்சிபி இல்லைங்க, பக்கத்துல டெஸ்ட் பட்டனோட இருக்கிற ஆர்சிசிபி. அப்படின்னா ஓவர்லோடு இல்லை, கரண்ட் எங்கேயோ எர்த்துக்குக் கசியுது.

வந்த எலக்ட்ரீஷியன் தம்பி, "எலிமெண்ட் நல்லாருக்குங்ணா. எர்த் ஒயரைக் கழட்டி விட்டுடறேன், அப்புறம் விழாது"ன்னார். நிஜம்தான், விழாது. ஆனா கசிவு அப்படியே இருக்கும். டேங்க் உடம்பில் மின்சாரம் ஏறி, ஈரக்கையோட குழாயைத் தொடுற ஆள்தான் அன்னிக்கு எர்த் ஒயர். வேண்டாம்னு சொல்லி அனுப்பிட்டு நானே உட்கார்ந்தேன்.

முதல்ல பிளக்கையே உருவணும். ஸ்விட்சை அணைச்சா ஃபேஸ் மட்டும்தான் போகும், நியூட்ரல் அப்படியே இருக்கும். அப்புறம் எலிமெண்ட்டின் ரெண்டு ஒயரையும் கழட்டிட்டு மல்டிமீட்டர் வச்சேன். ரெண்டு முனைக்கும் நடுவில் 27 ஓம். 2000 வாட் எலிமெண்ட்டுக்கு இது சரியான கணக்கு. ஒரு முனைக்கும் டேங்க் உடம்புக்கும் நடுவில் OL, அதாவது தொடர்பே இல்லை. தம்பி சொன்னதும் இதைத்தான்.

ஆனா அது குளிர்ந்த எலிமெண்ட். நம்ம வீட்டுது விழுறதே சூடானப்புறம்தானே? ஒயரை மாட்டி, மூடியைப் போட்டு, டிரிப் ஆகுற வரைக்கும் ஓட விட்டேன். விழுந்த உடனே பிளக்கை உருவி, ஒயரைக் கழட்டி, தண்ணியை வடிக்காம அளந்தேன். 9 கிலோ ஓம்! சூட்டில் குழல் விரிஞ்சு வெடிப்பு திறக்குது, தண்ணி உள்ளே போகுது. தண்ணியை வடிச்சுட்டா இது தெரியாமலே போயிருக்கும்.

230ஐ 9000ஆல் வகுத்தா சுமார் 25 மில்லி ஆம்பியர். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி 15க்கு மேலே எப்போ வேணாலும் விழலாம். ஆக, அது தன் வேலையைத்தான் ஒழுங்கா செஞ்சிருக்கு.

சந்தேகம் தீர, எலிமெண்ட் ஒயர் ரெண்டையும் தனித்தனியா டேப் சுத்தி, கரண்ட் கொடுத்துப் பார்த்தேன். விழலை. ஒயரிங், தெர்மோஸ்டாட் மேல குத்தம் இல்லை. எலிமெண்ட்டைக் கழட்டினா, போர் தண்ணி உப்பு விரல் கனத்துக்கு அப்பியிருக்கு. சுரண்டினதும் அடியில் ஒரு முடி வெடிப்பு. புதுசு மாட்டியாச்சு, சூட்டிலும் OL.

சூட்டிலும் OL காட்டி, ஆனா டிரிப் ஆகுதா? மல்டிமீட்டர் தர்ற சில வோல்ட்டுக்குத் தெரியாத கசிவு அது. தறி மோட்டார் வைண்டிங் கடையில் 500 வோல்ட் மெக்கர் வச்சிருப்பாங்க. ஒயரைக் கழட்டிட்டு அளக்கச் சொல்லுங்க. 1 மெகா ஓமுக்குக் கீழே வந்தா எலிமெண்ட்டை மாத்திடுங்க.

தறிக்கு மெக்கர் தேடி ஓடுறோம். குளிக்கிற தண்ணிக்கு மட்டும் எர்த்தைக் கழட்டுறதா? என்ன நியாயமுங்க இது!